பெருநாள் கழியட்டும்

நஸீரா தன் தம்பிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மும்பை தாராவியின் தொண்ணூறு அடி சாலையில் இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஏமாந்தவள் என்கிறது ஒரு கூட்டம், கல்நெஞ்சுக்காரி என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் அவள் பட்டறையில் ஓசி டீ குடித்தவர்கள் இருப்பதால் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் பேச ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரும்பு ஏணியில் ஏறிப் போனால் ஒரு நீளமான அறை, நான்கு தையல் மிஷின், தோல் வெட்ட ஒரு மேஜை. பர்ஸும் பெல்ட்டும் அங்கே தைத்தார்கள். அவள் புருஷன் சலாவுதீன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அவர் மாரடைப்பில் போன பிறகு, மிஷின்களை விற்றுவிட்டு ஊரோடு போய்விடு என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அவள் போகவில்லை. விதவை வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்த மறுவாரம் ஏணி ஏறிப் போய், அவர் உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வேலைக்காரர்களைப் பார்த்து நேற்று எதில் நிறுத்தினீர்களோ அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றாள். அன்றிலிருந்து சோறு, வாடகை, மகள் மெஹக் செம்பூரில் படிக்கும் நர்ஸிங் படிப்பு, எல்லாம் அந்த அறையிலிருந்துதான் வந்தது. அந்த அறை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தம்பி யாசருக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது குறைவு, அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். வாஷியில் யாரோ ஒருவருடைய பேக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தான். சட்டைப்பையில் காசே இல்லாதவனிடம்கூட பர்ஸ் விற்றுவிடுவான், அப்படி ஒரு வாய். எத்தனை நாளைக்கு அடுத்தவன் கடையில் அந்த வாயைச் செலவழிப்பது என்று அவனுக்குத் தோன்றியதில் தப்பில்லை. சொந்தமாகத் தோல் சாமான் கடை வைக்க வேண்டும், தாராவியில் தைத்து வாங்கி வாஷியில் விற்க வேண்டும் என்று வந்து நின்றான். நஸீரா, பர்ஸ் தைத்துச் சேர்த்ததிலிருந்தும் மெஹக்குக்கு என்று எடுத்து வைத்ததிலிருந்தும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். கடனாக வைத்துக்கொள், வரும்போது கொடு என்றாள்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"கடன்னு சொல்லாத லாத்தா. கடன் குடுத்தா உனக்கு என்ன வரும்? வட்டி நாம வாங்கக்கூடாது. பங்கா போடு. லாபத்துல பாதி உனக்கு. கவுந்தா போட்ட துட்டு போச்சுன்னு ரெண்டு பேரும் தலைய முழுவிட்டுப் போவோம்."

அதில் பாசம் இருந்தது. அவளுக்கும் ஒரு வருமானம் வரட்டும் என்றுதான் சொன்னான், அதை யாரும் மறுக்க முடியாது. இருந்தாலும் அவள் சும்மா தலையாட்டிவிடவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் மனைவி சைனப் மூலம் கேட்டுவிட்டாள். ஒருவர் முதல் போடுவது, இன்னொருவர் உழைப்பைப் போடுவது, லாபத்தைப் பேசினபடி பிரித்துக்கொள்வது, மார்க்கத்தில் அனுமதி உண்டு என்று பதில் வந்தது. நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஹஜ்ரத் சொன்னது சரிதான். ஆனால் யாசர் செம்பூரில் ஒரு ஏஜெண்டிடம் போய் எழுதி வாங்கி வந்தது வேறு. அது சர்க்கார் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப் பத்திரம். ஏஜெண்டிடம் அச்சடித்த மாதிரி ஒன்று தயாராக இருந்தது, பெயரை மட்டும் மாற்றினான். மார்க்கத்தில் பங்கு என்பதும் சட்டத்தில் பங்கு என்பதும் ஒன்றுதான் என்று அக்காவும் தம்பியும் நினைத்தார்கள். ஏஜெண்டுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கலாம், ஆனால் யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டார்கள், பத்திரத்தைப் பதிவு செய்தார்கள், ஜிஎஸ்டி நம்பர் வாங்கினார்கள். வாஷியில் கடை திறந்த அன்று பலகையில் 'நஸீரா யாசர் லெதர்ஸ்' என்று விளக்கு எரிந்ததைப் பார்த்து நஸீரா அழுதுவிட்டாள். தன் பெயர் இத்தனை பெரிதாக எங்கேயும் எழுதப்பட்டு அவள் பார்த்ததில்லை.

கடை முதலில் ஓடியது. ஓடியது என்று யாசர் சொன்னான். பிறகு கண்ணாடி அலமாரி மாற்றினான், ஏசி போட்டான், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்ய ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தான். வாஷியில் அப்படியெல்லாம் செய்யாவிட்டால் யாரும் உள்ளேயே வரமாட்டார்கள் என்றான். லாபத்தில் பாதி என்ற பேச்சு முதல் வருஷத்தோடு காற்றில் போனது. நஸீரா கேட்கவில்லை. தம்பியிடம் கணக்குக் கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்குக் கொடுத்த விலை அதிகம் என்று பிறகு அவளே சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் தோல் மண்டி ஜம்பு அவளைத் தெருவில் நிறுத்தினான். ஆம்பூர்க்காரன், தாராவியில் பாதிப் பட்டறைகளுக்கு அவன்தான் தோல் கொடுப்பவன். யாசர் உதாராக, அதாவது கடனுக்கு, வாங்கிய தோலுக்குப் பில் பாக்கி நிற்கிறது, அதை எப்போது தீர்க்கப் போகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். தம்பி வாங்கினதைத் தம்பியிடம் கேட்க வேண்டியதுதானே என்றாள் நஸீரா. ஜம்பு கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தான்.

"தம்பிய நம்பியா அக்கா நான் உதார் குடுத்தேன்? பில்லுல உங்க பேரும் இருக்கு. பார்ட்னர் நீங்கதானே. உங்க பட்டறைய பாத்துதான் குடுத்தேன்."

அன்று அவள் தைத்த பர்ஸ் ஒன்றுகூடக் கோணலில்லாமல் வரவில்லை என்று வேலைக்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

மெஹக்தான் விசாரித்து மாட்டுங்காவில் வந்தனா என்ற வக்கீலிடம் கூட்டிப்போனாள். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். பத்திரத்தைக் கடைசி வரிவரை படித்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க நஸீராவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே ஆடுவதுபோல் இருந்தது.

கடைக்குப் போட்ட முதல் போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளச் சொன்னாள் வந்தனா. அதைத் துரத்திக்கொண்டு இன்னும் பணம் போடக்கூடாது. ஆனால் பெரிய ஆபத்து அதுவல்ல. இந்த மாதிரி பார்ட்னர்ஷிப்பில் போட்ட பணத்தோடு முடிவதில்லை. கடைக்காக யாசர் கடனில் வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் நஸீராவும் முழுப் பொறுப்பு. அவளைக் கேட்காமல் வாங்கினாலும் அப்படித்தான். கடைச் சொத்து போதாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் அவள் சொந்தச் சொத்தின் மேல் வரலாம். பட்டறையும் அதில் அடக்கம்.

"போட்டதுதான் போகும்னு சொன்னாங்களே" என்றாள் நஸீரா.

"கடனா குடுத்திருந்தா அப்படித்தான் ஆகியிருக்கும். நஷ்டம் அந்தக் கடனோட நின்னிருக்கும்."

"வட்டி வாங்கக்கூடாதுன்னுதாம்மா பங்கா போட்டேன்."

"வட்டி இல்லாமலே கடன் எழுதலாமே" என்றாள் வந்தனா. குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை, இருந்தாலும் நஸீராவுக்குச் சுருக்கென்றது. வட்டியில்லாக் கடன் கொடுப்பது மார்க்கத்திலேயே பெரிய நன்மையாயிற்றே, சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததாயிற்றே. கையில் இருந்ததை விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றியிருக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

இனிச் செய்ய வேண்டியதையும் வந்தனா சொன்னாள். இது காலம் குறிக்காத கூட்டு, ஒருவர் எழுதிக் கொடுத்தால் கலைக்கலாம். இருப்பது இரண்டே பங்காளிகள் என்பதால் ஒருத்தர் விலகினாலே கூட்டு கலைந்ததாக அர்த்தம். யாசர் வேண்டுமானால் தன் ஒருவன் பெயரில் கடையை நடத்திக்கொள்ளலாம். முதலில் யாசர் கையில் நோட்டீஸ் சேர வேண்டும். அதன் பிறகு பதிவாளருக்கு ஒன்று, சர்க்கார் கெஜட்டில் ஒன்று, மராட்டிப் பேப்பரில் ஒன்று. உதார் கொடுக்கிறவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம். பாங்கில் இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி சொல்லிவைக்க வேண்டும். இதுவரை ஏறிய கடனிலிருந்து தப்ப முடியாது, அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஆனால் இதெல்லாம் செய்த நாளுக்குப் பிறகு யாசர் வாங்குவது அவள் தலையில் விடியாது. செய்யாதவரை விடியும்.

"ஒவ்வொரு நாளும் அவர் ஏதாவது வாங்கினாருன்னா அதுல உங்க கையெழுத்தும் இருக்குன்னு நினைச்சுக்கோங்க" என்று சொல்லி நோட்டீஸை அன்றைக்கே அச்சடித்துக் கொடுத்தாள்.

நஸீரா மறுநாளே வாஷிக்கு ரயில் ஏறினாள். அது ஷாபான் மாதத்தின் கடைசி நாட்கள், நோன்பு வரப்போகிறது. கடையில் யாசர் இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, இரண்டு நாள் தாடியோடு, அவளைப் பார்த்ததும் வழக்கமாகச் சிரிக்கும் சிரிப்பில் பாதிதான் வந்தது. அவன் பெண்டாட்டி சஃபீனா வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்து வந்திருந்தாள். லாத்தா சாப்பிடட்டும் என்று தன் பங்கை மொத்தமாக எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் யாசர் ஒரு ஃபாரத்தை எடுத்தான். பைனான்ஸ் கம்பெனியில் லோன் போட்டிருக்கிறானாம், ஜாமீன் கையெழுத்துக்கு அவள் வேண்டுமாம். இல்லாவிட்டால் அவளே கொஞ்சம் பணம் புரட்டித் தந்தாலும் போதுமாம்.

நஸீரா முடியாது என்று சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியிடம் முடியாது என்றாள். பணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்றாள். யாசர் தலையைக் குனிந்துகொண்டு ஃபாரத்தை மடித்தான். பெருநாள் வியாபாரம் வரும் லாத்தா, அது தூக்கி நிறுத்திவிடும் என்று மட்டும் சொன்னான்.

கைப்பையில் நோட்டீஸ் இருந்தது. ஒரே மூச்சில் இரண்டு தடவை ஒரு மனிதனை எப்படி அடிப்பது? அதுவும் நோன்பு வாசலில் நிற்கும்போது. ரமலானில் ரத்த உறவை அறுத்தவன் இறைவனிடம் கேட்கும் துஆ மேலே போகாது என்று ஒவ்வொரு வருஷமும் பள்ளிவாசல் பயானில் கேட்பவள் அவள். கூட்டுக் கடையைக் கலைப்பது உறவை அறுப்பதாகாது என்று எந்த ஹஜ்ரத்தும் சொல்லியிருப்பார், இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. கேட்டால் அப்படித்தான் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாளோ என்னவோ. பெருநாள் கழியட்டும், ஒரு மாதத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு ரயில் ஏறினாள். போனில் வந்தனா கேட்டபோதும் அதையே சொன்னாள். வந்தனா, உங்க இஷ்டம் என்று வைத்துவிட்டாள்.

தோல் சாமான் தொழில் செய்கிறவர்களுக்கு நோன்பு மாதம் என்றால் என்னவென்று தெரியும். வருஷத்திலேயே அதிகமாக உதார் ஓடும் மாதம் அதுதான். பெருநாளைக்குச் செருப்பு, பை, பெல்ட் என்று விற்கும், விற்றதும் தருகிறேன் என்று எல்லோரும் அள்ளுவார்கள். நஸீராவே வருஷா வருஷம் அப்படித்தான் வாங்குகிறவள். அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்தேதான் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணுக்கு முன்னால் யாசர் ஜம்புவிடம் போய், பழைய பாக்கியை விட இரண்டு மடங்குக்குத் தோல் எடுத்தான். பக்கிள், ஜிப்பு என்று இன்னொரு கடையிலும் எடுத்தான். பலகையில் நஸீரா பெயர் எரிந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துச் சரக்கு இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பெருநாள் வந்தது, போனது. வாஷியில் மழைபோல் விற்கும் என்று யாசர் நினைத்தது தூறலோடு நின்றது. அந்த வருஷம் பக்கத்து மாலில் ரெக்ஸின் பைகளைப் பாதி விலைக்குத் தள்ளினார்கள், சனங்கள் அங்கே போனார்கள். கடை வாடகை நின்றது, கட்டடச் சொந்தக்காரர் பூட்டு மாற்றப் போவதாகச் சொன்னார். ஜம்புவும் பக்கிள் கடைக்காரனும் சேர்ந்து நஸீராவின் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்கள். கூச்சல் போடவில்லை. அக்கா, கொஞ்சம் கீழ வாங்க என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அந்த ஏணியில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியதை வேலைக்காரர்கள் மேலே இருந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது எதுவும் தப்பில்லை. காலம் தாழ்த்தியதற்கும் சேர்த்துச் செய்ததுபோல் செய்தாள். நோட்டீஸை யாசருக்கு அனுப்பி, பேப்பரில் போட்டு, பதிவாளருக்குக் கொடுத்து, கூட்டை மூடினாள். வெட்டாத தோலை ஜம்பு திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேசினாள், அவன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான். வெட்டின தோலைத் தன் பட்டறையில் பர்ஸாகத் தைத்து விற்றாள். மீதிக்குக் கழுத்திலும் கையிலும் இருந்ததை விற்றாள். அதுவும் போதவில்லை. பட்டறையை மரப்பலகை வைத்து இரண்டாகத் தடுத்து, சாலைப் பக்கத்துப் பாதியை எம்பிராய்டரிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, அவர்கள் தந்த அட்வான்ஸை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். நான்கு மிஷினில் இரண்டு போயிற்று. மெஹக் கடைசி வருஷப் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்றபோது அறைந்துவிட்டாள், பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். வந்தனா சொன்னபடி, பணம் கொடுத்த ஒவ்வொருவரிடமும் இனி இந்தக் கடைக்கணக்கில் நஸீராவிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கினாள். பாதிப் பட்டறை மிஞ்சியது.

யாசர் ஒரு தடவைகூட அவளைத் திட்டவில்லை. கடையைக் காலி செய்தான், பலகையை இறக்கினான், விக்ரோலியில் ஒரு கடையில் மறுபடியும் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தான். கணக்கை முடிக்கக் கடைசிக் கையெழுத்துக்கு மாட்டுங்காவுக்கு வந்தான். சட்டையை இஸ்திரி போட்டு, வேலை தேடி வந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான். காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை அக்காவோடு நடந்தான்.

அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நஸீராவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. தான் கல்நெஞ்சுக்காரி இல்லை என்று அவனுக்கு மட்டுமாவது தெரிய வேண்டும். நோட்டீஸை நோன்புக்கு முன்னாலேயே எழுதி, பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்கு வந்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் கொடுக்க மனசு வரவில்லை, பெருநாள் வரைக்கும் உனக்காகத்தான் பொறுத்தேன் என்று சொன்னாள்.

யாசர் நடையை நிறுத்தினான். கணக்குப் போடுவதுபோல் ரோட்டைப் பார்த்தான்.

"அன்னைக்கே குடுத்திருக்கலாமே லாத்தா" என்றான். "உன் பேர் இல்லன்னா ஜம்பு எனக்கு ஒரு துண்டுத் தோல் தந்திருக்கமாட்டான். பழைய பாக்கியோட நின்னுருக்கும். அத நானே அடைச்சிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அவள் இரக்கப்பட்டுக் கொடுத்த அந்த ஒரு மாதம்தான் தம்பியைக் கடையோடு சேர்த்துக் கவிழ்த்தது. ஊர் சொன்ன இரண்டு பேச்சும் அவளைத் தொடவில்லை, இது தொட்டது.

பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சஃபீனாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வா, பிரியாணி ஆக்குகிறேன் என்றாள்.

"பாக்குதேன் லாத்தா" என்றான் யாசர், அவள் ஏறுவதற்குக் கையைப் பிடித்து உதவினான்.

சரக்கைப் புரட்டிப் பார்த்து, விலை கேட்டு, வாங்காமல் இறங்கிப் போகிறவர்கள் சொல்வது அந்த வார்த்தைதான். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா. அப்படிச் சொல்லிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.